யாருடைய மணிபர்ஸ்?

வள்ளி அக்கா என்று ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவர் புதுச்சேரியை அடுத்த தவளக்குப்பத்தில் வசிக்கிறார். புதுச்சேரியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். தினமும் காலையில் பாகூரிலிருந்து வரும் பஸ்சில் ஏறுவார். மாலையில் அதே வழியில் திரும்புவார்.

அந்த பஸ்சில் தினமும் போகிறவர்கள் கைபேசியில் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். பஸ் தாமதமானால் ஒருவர் குழுவில் எழுதுவார். பஸ் வராவிட்டால் இன்னொருவர் சொல்வார். குழுவில் நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியாது.

ஒரு சனிக்கிழமை மாலை. வள்ளி அக்கா தவளக்குப்பத்தில் பஸ்சை விட்டு இறங்கினார். நிழற்குடையில் ஒரு சிமெண்ட் பெஞ்சு உண்டு. அந்தப் பெஞ்சுக்கும் சுவருக்கும் இடையில் ஏதோ கிடந்தது. குனிந்து எடுத்தார். அது ஒரு மணிபர்ஸ். கனமாக இருந்தது.

சுற்றிலும் பார்த்தார். யாரும் எதையும் தேடவில்லை. "யாராவது பர்ஸ் விட்டுட்டீங்களா?" என்று அவர் உரக்கக் கேட்கவும் இல்லை. ஏன்? அப்படிக் கேட்டால் நான்கு பேர் "என்னுது" என்று கை நீட்டலாம். அவர்களில் யார் சொல்வது உண்மை என்று எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விதான் இந்தப் பாடம். தொலைத்தவருக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும். ஆனால் பொருள் வேறு ஒருவர் கைக்குப் போய்விடக் கூடாது. அதற்கு எதைச் சொல்வது? எதைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது?

முதல் வேலை: எண்ணி எழுதுவது

வள்ளி அக்கா பர்ஸை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. நிழற்குடைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. அதற்கு அடுத்து ஒரு பூக்கடை. இரண்டு கடைக்காரர்களையும் அவருக்குப் பல வருடமாகத் தெரியும்.

"அண்ணே, பூக்காரம்மா, ரெண்டு பேரும் கொஞ்சம் இங்க வாங்க. பர்ஸ் ஒண்ணு கிடந்துச்சு. உங்க ரெண்டு பேர் முன்னாலதான் திறப்பேன்" என்றார்.

மூவரும் கடையின் உள்பக்கம் போனார்கள். பர்ஸைத் திறந்தார்கள். உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். வள்ளி அக்கா ஒரு தாளில் எழுதினார்:

பர்ஸ்: பழுப்பு நிறம். உள்பக்க மூலை ஒன்று கிழிந்து, நீல நூலால் தைத்திருக்கிறது.
500 ரூபாய் நோட்டு 9. ஆக 4,500 ரூபாய்.
100 ரூபாய் நோட்டு 1.
50 ரூபாய் நோட்டு 1.
மொத்தம் 4,650 ரூபாய்.
ஏ.டி.எம். கார்டு 1. அதில் பெயர் இல்லை.
ஒரு பெண் குழந்தையின் சிறிய போட்டோ.
சிறிய சாவி 1.
மடித்த காகிதம் 1. அதில் பென்சிலால் ஜன்னல் அளவுகள் எழுதியிருக்கின்றன.

தாளின் அடியில் தேதியும் நேரமும் எழுதினார். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

இந்தத் தாள் எதற்கு? இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, பின்னால் உரிமையாளர் வந்து சொல்வதை இந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நினைவை மட்டும் நம்ப வேண்டியதில்லை.

இரண்டு, இது கண்டெடுத்தவருக்குப் பாதுகாப்பு. "நான் 8,000 வச்சிருந்தேன், பாதிதான் இருக்கு" என்று உரிமையாளர் சொல்லக்கூடும். அவர் பொய் சொல்ல வேண்டும் என்றில்லை. பர்ஸ் தரையில் கிடந்தபோது வேறு யாராவது பணத்தை எடுத்திருக்கலாம். அப்படி நடந்தாலும் பழி கண்டெடுத்தவர் மேல்தான் விழும். சாட்சிகள் முன்னால் எண்ணிய தாள் இருந்தால் அந்தப் பழி வராது.

பர்ஸில் பெயரும் இல்லை, விலாசமும் இல்லை. ஆனால் அது யாரோ ஒரு கூலித் தொழிலாளியின் வாரச் சம்பளம் என்று மூவருக்கும் புரிந்தது. அன்று சனிக்கிழமை. கட்டட வேலைக்குச் சம்பளம் போடும் நாள். ஒரு குடும்பத்தின் அடுத்த வாரச் சாப்பாடு அந்தப் பர்ஸில் இருந்தது.

தவறான அறிவிப்பு

"போட்டோ எடுத்து குரூப்புல போட்டுடு. சீக்கிரம் தெரிஞ்சிடும்" என்றார் டீக்கடைக்காரர்.

அப்படிப் போட்டிருந்தால் அறிவிப்பு இப்படி இருந்திருக்கும்:

"பழுப்பு நிற பர்ஸ் தவளக்குப்பம் பஸ் நிறுத்தத்தில் கிடைத்தது. 4,650 ரூபாயும் ஏ.டி.எம். கார்டும் ஒரு குழந்தையின் போட்டோவும் உள்ளன. தொலைத்தவர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்."

இதில் என்ன தவறு? கடைசி வரியைப் பாருங்கள். அடையாளம் சொல்லச் சொல்கிறது. ஆனால் எல்லா அடையாளத்தையும் அறிவிப்பே சொல்லிவிட்டது. இனி யார் வந்தாலும் அதையே திருப்பிச் சொல்வார்கள். "பழுப்பு நிறம், 4,650 ரூபாய், குழந்தை போட்டோ" என்பார்கள். உண்மையான உரிமையாளரும் அதையேதான் சொல்வார். இருவருக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க வழியே இருக்காது.

அடையாளம் என்பது பூட்டுக்குச் சாவி போன்றது. சாவியைத் தெருவில் தொங்கவிட்டால் பூட்டு எதற்கு?

போட்டோ போடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஏ.டி.எம். கார்டின் முன்பக்கம் நீளமான எண் இருக்கும். பெரும்பாலும் அது 16 இலக்கம். கார்டு எந்த மாதம் வரை செல்லும் என்றும் போட்டிருக்கும். பின்பக்கம் மூன்று இலக்க இரகசிய எண் இருக்கும். சில கார்டுகளில் எல்லாமே ஒரே பக்கம் இருக்கும். இவை வெளியே போனால் ஏமாற்றுக்காரர்களுக்கு வசதியாகிவிடும். ஆதார் அட்டையும் அப்படித்தான். அதில் பெயர், பிறந்த தேதி, விலாசம், எண் எல்லாம் இருக்கும்.

குழுவில் போட்ட படத்தைப் பிறகு நீக்கிவிடலாமே என்று நினைக்கலாம். நீக்கலாம். ஆனால் அதற்குள் ஒருவர் அதைத் தன் கைபேசியில் சேமித்திருக்கலாம். இன்னொரு குழுவுக்கு அனுப்பியிருக்கலாம். அதை நம்மால் திரும்பப் பெற முடியாது. ஆகவே பர்ஸையும் அதில் உள்ளதையும் படம் எடுத்துப் போடவே வேண்டாம்.

சரியான அறிவிப்பு

வள்ளி அக்கா யோசித்தார். தொலைத்தவர் இதைப் படித்ததும் "என் பர்ஸாக இருக்குமோ" என்று நினைக்க வேண்டும். அதற்கு மூன்று செய்திகள் போதும். என்ன பொருள்? எந்த இடம்? எந்த நாள், எந்த நேரம்? மற்றது எல்லாம் தொலைத்தவர் சொல்ல வேண்டியது.

அவர் இப்படி எழுதினார்:

அறிவிப்பு

மணிபர்ஸ் ஒன்று கிடைத்துள்ளது.
இடம்: தவளக்குப்பம் பஸ் நிறுத்தம்.
நாள்: 14-6-2025, சனிக்கிழமை.
நேரம்: மாலை 6 மணிக்கு மேல்.

தொலைத்தவர் கீழ்க்கண்ட விவரங்களை எனக்குத் தனியாகச் சொல்லவும். குழுவில் எழுத வேண்டாம்.

1. பர்ஸ் எந்த நிறம்? அதில் ஏதாவது அடையாளம் உண்டா?
2. பணம் சுமாராக எவ்வளவு இருந்தது?
3. பணம் தவிர வேறு என்னென்ன இருந்தன?
4. எங்கே, எப்படித் தொலைந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

விவரம் பொருந்தினால் சாட்சிகள் முன்னிலையில் ஒப்படைக்கப்படும்.
– வள்ளி, தவளக்குப்பம்.

இந்த அறிவிப்பை மீண்டும் ஒரு முறை படியுங்கள். பர்ஸின் நிறம் இல்லை. பணம் எவ்வளவு என்பது இல்லை. பணம் இருக்கிறது என்றுகூட அவர் சொல்லவில்லை. பெஞ்சுக்குப் பின்னால் கிடந்தது என்பதும் இல்லை. பஸ் நிறுத்தம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

"குழுவில் எழுத வேண்டாம்" என்ற வரி மிக அவசியம். உரிமையாளர் பதற்றத்தில் எல்லா அடையாளத்தையும் குழுவிலேயே எழுதிவிடலாம். அதை நூறு பேரும் படிப்பார்கள். பிறகு அந்த அடையாளம் பயன்படாது. குழுவில் வள்ளி அக்காவின் பெயரைத் தொட்டால் அவரோடு மட்டும் பேச வழி உண்டு. அப்படிச் சொல்லலாம், அல்லது போன் செய்யலாம்.

முழுத் தேதியும் அவசியம். ஒரு குழுவில் வந்த செய்தியை மற்ற குழுக்களுக்கும் அனுப்புவார்கள். தேதி இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்தும் அது சுற்றிக்கொண்டிருக்கும். "சனிக்கிழமை" என்று மட்டும் எழுதினால் எந்தச் சனிக்கிழமை என்று தெரியாது.

எல்லோரிடமும் வாட்ஸ்அப் இருக்காது. ஆகவே இதே அறிவிப்பை வள்ளி அக்கா ஒரு தாளிலும் எழுதினார். அதை டீக்கடையில் ஒட்டினார். தாளில் தன் போன் எண்ணை எழுதவில்லை. பெண்கள் எண்ணைத் தெருவில் ஒட்டினால் வேண்டாத போன்கள் வரும். "விவரத்துக்கு: டீக்கடை" என்று எழுதினார். டீக்கடைக்காரரும் எதையும் வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டார்.

முதலில் வந்தவர்

பத்து நிமிடத்தில் ஒருவரிடமிருந்து தனியாகச் செய்தி வந்தது.

"அக்கா, அது என் பர்ஸ்தான். கருப்பு கலர். ஐயாயிரம் இருந்துச்சு. ஏ.டி.எம். கார்டு இருக்கும்."

பணம் ஏறக்குறைய சரி. கார்டும் சரி. ஆனால் இவை யார் பர்ஸிலும் இருக்கக்கூடியவை. சம்பள நாளில் பணம் இருக்கும் என்று யாரும் ஊகிக்கலாம். இவை ஒன்றையும் நிரூபிக்கவில்லை.

நிறம் பொருந்தவில்லை. ஆனால் வள்ளி அக்கா "கருப்பு இல்லையே" என்று சொல்லவில்லை. சொன்னால் அவர் அடுத்து "பழுப்பு" என்பார். தவறு எது என்று சொல்வதும் பாதி விடையைச் சொல்வதுதான். அவர் கேட்டது இவ்வளவுதான்: "வேற என்ன இருந்தது தம்பி?"

"என் ஆதார் கார்டு. என் போட்டோ."

"எங்க விழுந்திருக்கும்னு நினைக்கிறீங்க?"

"பஸ்ஸுக்குள்ளதான் அக்கா."

ஒன்றும் பொருந்தவில்லை. வள்ளி அக்கா இப்படி எழுதினார்: "நீங்க சொல்ற விவரம் இந்த பர்ஸுக்குப் பொருந்தலை தம்பி. உங்க பர்ஸ் வேறயா இருக்கலாம். நீங்களும் குழுவில் ஓர் அறிவிப்புப் போடுங்க. நடத்துநர்கிட்டயும் கேட்டுப் பாருங்க."

அவரைத் திருடன் என்று குழுவில் எழுதவில்லை. அந்த இளைஞர் உண்மையிலேயே வேறொரு பர்ஸைத் தொலைத்திருக்கலாம். பொருந்தவில்லை என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். அவர் மனது நமக்குத் தெரியாது.

இதற்குள் குழுவில் பலர் கேட்டார்கள். "என்ன கலர் அக்கா?" "எவ்வளவு இருக்கு?" "ஊர் பேர் ஏதாவது போட்டிருக்கா?" உதவி செய்யும் ஆசையில்தான் கேட்டார்கள். வள்ளி அக்கா ஒரே பதில் எழுதினார்: "அதைத் தொலைத்தவர்தான் சொல்லணும்."

உரிமையாளர் வந்தார்

இரவு எட்டரை மணிக்கு வள்ளி அக்காவுக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் பாகூரைச் சேர்ந்த ஒரு பெண். தவளக்குப்பத்தில் கட்டட வேலைக்கு வருகிறவர். பஸ் குழுவில் இருப்பவர். தன்னோடு வேலை செய்யும் கொத்தனாரிடம் போனைக் கொடுத்தார். கொத்தனாரிடம் வாட்ஸ்அப் இல்லை.

"அம்மா, பர்ஸ் பழுப்பு கலர். பழசு. உள்ள ஓரம் கிழிஞ்சிருக்கும். என் சம்சாரம் நீல நூல்ல தச்சுக் கொடுத்தா."

"பணம் எவ்வளவு இருந்துச்சு அண்ணே?"

"சரியாத் தெரியலம்மா. இந்த வாரம் சம்பளம் 4,800. மளிகைக் கடையில 250 கொடுத்தேன். முன்னாடியே கையில நூறோ நூத்தம்பதோ இருந்துச்சு."

வள்ளி அக்கா கணக்குப் போட்டார். 4,800-இல் 250 போனால் 4,550. அதோடு 100 சேர்ந்தால் 4,650. 150 சேர்ந்தால் 4,700. தாளில் இருந்தது 4,650.

"வேற என்ன இருந்தது?"

"என் பொண்ணு போட்டோ இருக்கும். பெட்டிச் சாவி ஒண்ணு. அப்புறம் ஒரு துண்டுச் சீட்டு. ஜன்னல் அளவு எழுதி வச்சிருந்தேன்."

"எங்க விட்டிருப்பீங்க?"

"நிழற்குடையில பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். டிக்கெட்டுக்குச் சில்லறை எடுத்துச் சட்டைப் பையில போட்டேன். அப்ப பஸ் வந்துடுச்சு. பர்ஸைப் பையில வைக்காம பக்கத்துல வச்சிருக்கேன் போல."

ஏ.டி.எம். கார்டைப் பற்றி அவர் சொல்லவே இல்லை. பணத்தையும் சரியாகச் சொல்லவில்லை. ஆனாலும் வள்ளி அக்காவுக்குச் சந்தேகம் இல்லை. ஏன்?

யாரும் தன் பர்ஸில் உள்ள பணத்தை ரூபாய் பிசகாமல் நினைவில் வைப்பதில்லை. சுமாராகச் சொன்னால் போதும். அது எப்படி வந்தது, எதற்குச் செலவானது என்று சொல்வது தொகையைவிட நல்ல சான்று. நீல நூல் தையலும் ஜன்னல் அளவுச் சீட்டும் ஊகித்துச் சொல்லக்கூடியவை அல்ல. அந்தப் பர்ஸுக்கு மட்டுமே உரிய இரண்டு அடையாளங்கள் பொருந்தின. தொலைந்த விதமும் கிடந்த இடத்தோடு பொருந்தியது. ஒன்றிரண்டு பொருளை மறந்தது பெரிய குறை அல்ல.

அடுத்த நாள் காலை கொத்தனார் வந்தார். அதே டீக்கடை. அதே இரண்டு சாட்சிகள். வள்ளி அக்கா முதலில் குழந்தையின் போட்டோவை எடுத்துப் பார்த்தார். பிறகு அவரைக் கேட்டார்: "பாப்பா போட்டோவுல என்ன சட்டை போட்டிருக்கு?" "ஸ்கூல் சட்டைதான்" என்றார் அவர். சரியாக இருந்தது.

பணத்தை அவரையே எண்ணச் சொன்னார்கள். எண்ணிக்கை தாளோடு ஒத்துப்போனது. அதே தாளின் அடியில் வள்ளி அக்கா எழுதினார்: "மேலே கண்ட எல்லாப் பொருளையும் குறைவின்றிப் பெற்றுக்கொண்டேன்." கொத்தனார் தன் பெயர், ஊர், தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாளை வள்ளி அக்கா வைத்துக்கொண்டார்.

பிறகு குழுவில் ஒரு கடைசிச் செய்தி: "14-6-2025 அன்று கிடைத்த மணிபர்ஸ் உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இனி யாரும் அழைக்க வேண்டாம். பழைய அறிவிப்பை வேறு குழுவுக்கு அனுப்ப வேண்டாம்." டீக்கடையில் ஒட்டிய தாளையும் கிழித்தார்கள். உரியவரின் பெயரையோ படத்தையோ குழுவில் போடவில்லை.

பர்ஸில் பெயர் இருந்தால்?

சில பர்ஸ்களில் ஆதார் அட்டை இருக்கும். ஓட்டுநர் உரிமம் இருக்கும். அப்போது வேலை எளிது. அட்டையில் உள்ள படத்தையும் வந்தவர் முகத்தையும் ஒப்பிடலாம். அட்டையில் உள்ள விலாசம் பக்கத்து ஊர் என்றால் நேரில் போகலாம். ஆனால் அட்டையைக் குழுவில் போட வேண்டாம். அறிவிப்பில் பெயரையும் எழுத வேண்டாம். "அவர் என் அண்ணன், என்னிடம் கொடுங்கள்" என்று ஒருவர் வரலாம். உரியவரோடு நீங்களே போனில் பேசாமல் கொடுக்காதீர்கள். அவரிடமும் உள்ளே என்ன இருந்தது என்று கேளுங்கள்.

பர்ஸ் ஓடும் பஸ்சுக்குள் கிடந்தால் முதலில் நடத்துநரிடம் சொல்லுங்கள். தொலைத்தவர் முதலில் தேடி வருவது அவரிடம்தான். அவர் முன்னால் எண்ணிக் கொடுங்கள். பஸ்சின் பதிவு எண்ணையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். குழுவில் "நடத்துநரிடம் கொடுக்கப்பட்டுள்ளது" என்று எழுதுங்கள்.

யாருமே வராவிட்டால்? சில நாள் பார்த்துவிட்டுக் காவல் நிலையத்தில் கொடுங்கள். பெரிய தொகையாக இருந்தால் காத்திருக்காமல் உடனே கொடுங்கள். பொருள் பட்டியலோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் சான்று கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

கீழே கிடந்த பொருளை எடுப்பது குற்றம் அல்ல. உரியவரிடம் சேர்ப்பதற்காக எடுத்தால் சட்டம் அதைக் குற்றமாகப் பார்ப்பதில்லை. ஆனால் உரியவர் யார் என்று தெரிந்தும் வைத்துக்கொண்டால் குற்றம். தெரிந்துகொள்ள வழி இருந்தும் வைத்துக்கொண்டால் குற்றம். தேடாமலும் அறிவிக்காமலும், அவர் கேட்டு வர நியாயமான காலம் தராமலும் செலவழித்தாலும் குற்றம்.

முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 403-ஆம் பிரிவு இதைச் சொன்னது. 1-7-2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற சட்டம் அதன் இடத்தில் வந்துள்ளது. அதில் 314-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை. இரண்டு ஆண்டு வரை போகலாம். அபராதமும் உண்டு. ஆகவே வள்ளி அக்கா எழுதிய அறிவிப்பு நல்ல மனதுக்கு மட்டும் அடையாளம் அல்ல. சட்டம் கேட்கும் வேலையும் அதுதான்.

தொலைத்தவர் கவனிக்க வேண்டியது

நீங்கள் பர்ஸைத் தொலைத்திருந்தால் முதலில் வங்கிக்குப் போன் செய்து கார்டை நிறுத்தச் சொல்லுங்கள். பர்ஸ் கிடைத்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். சில கார்டுகளைக் கடையில் உள்ள கருவியில் காட்டினாலே போதும். 5,000 ரூபாய் வரை இரகசிய எண் இல்லாமலே பணம் போய்விடும்.

"உங்கள் பர்ஸ் என்னிடம் இருக்கிறது" என்று ஒருவர் போன் செய்யலாம். அவர் உண்மையானவரா என்று எப்படி அறிவது? உண்மையாகக் கண்டெடுத்தவர் பர்ஸைப் பற்றிக் கேட்பார். ஏ.டி.எம். இரகசிய எண்ணைக் கேட்க மாட்டார். கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைக் கேட்க மாட்டார். "அனுப்பி வைக்க முதலில் பணம் போடுங்கள்" என்றும் சொல்ல மாட்டார். இவற்றில் ஒன்றைக் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள். ஏமாந்து பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லுங்கள்.

புதிய சொற்கள்

உரிமையாளர் – பொருளுக்குச் சொந்தக்காரர்
சாட்சி – நடந்ததை நேரில் பார்த்தவர்
ஊகித்தல் – தெரியாமல் குத்துமதிப்பாகச் சொல்லுதல்
பொருந்துதல் – ஒத்துப்போதல்
ஒப்படைத்தல் – உரியவர் கையில் சேர்த்தல்

பதில் சொல்லுங்கள்

1. வள்ளி அக்கா பர்ஸை ஏன் இரண்டு பேர் முன்னால் திறந்தார்?
2. அறிவிப்பில் அவர் சொன்ன செய்திகள் எவை? சொல்லாமல் வைத்துக்கொண்டவை எவை?
3. முதலில் வந்தவரிடம் "கருப்பு இல்லை" என்று ஏன் சொல்லவில்லை?
4. கொத்தனார் பணத்தைச் சரியாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவர்தான் உரிமையாளர் என்று எப்படித் தெரிந்தது?

திருத்தி எழுதுங்கள்

கீழே உள்ள அறிவிப்பில் இருக்கக் கூடாதவை எவை? இருக்க வேண்டியதில் விடுபட்டவை எவை? சரியாக மாற்றி எழுதுங்கள்.

"நேற்று பஸ் நிலையத்தில் சிவப்பு நிறச் சிறிய பர்ஸ் கிடைத்தது. உள்ளே 720 ரூபாயும் ஒரு ஜோடிக் கம்மலும் உள்ளன. தொலைத்தவர் இந்தக் குழுவிலேயே பதில் எழுதவும்."

செய்து பாருங்கள்

மூன்று பேர் சேருங்கள். ஒருவர் ஒரு பையில் ஐந்து பொருள்களை வைத்து மற்ற இருவருக்கும் காட்டாமல் மூடட்டும். இவர் உரிமையாளர். அவர் இரண்டாமவர் காதில் மட்டும் உள்ளே இருப்பதைச் சொல்லட்டும். இரண்டாமவர் கண்டெடுத்தவர். மூன்றாமவர் எதுவும் தெரியாமல் "என் பை" என்று கேட்டு வரட்டும். பிறகு உரிமையாளரும் வந்து கேட்கட்டும். கண்டெடுத்தவர் ஒரு விடையைக்கூட வெளியே விடாமல் இருவரிடமும் கேள்வி கேட்க வேண்டும். மூன்றாமவர் எத்தனை பொருளை ஊகித்தார் என்று எண்ணிப் பாருங்கள். எந்தக் கேள்வியில் விடை நழுவியது என்றும் பேசிப் பாருங்கள்.